சைவ வீட்டுக் குழந்தையின் கிண்ணத்தில் எது குறைகிறது?

சைவக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "முட்டைகூடக் கொடுக்க மாட்டீங்களா? அப்போ புரோட்டீனுக்கு என்ன பண்ணுவீங்க?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் சைவ வீட்டில் குழந்தைக்குக் கவனிக்க வேண்டிய மூன்று சத்துகளில் மிக எளிதாகக் கிடைத்துவிடுவது புரதம். இரும்பு அதைவிடக் கடினம். யாருமே கேட்காத வைட்டமின் பி12தான் பெரிய ஆபத்து. அது குழந்தைக்குச் சோறு ஊட்டும் நாளில் தொடங்கும் பிரச்சினையும் இல்லை. அம்மா கர்ப்பமாக இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் பி12ஐ முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தச் சத்தை எந்தச் செடியும் தயாரிப்பதில்லை. சில வகைப் பாக்டீரியாக்கள் மட்டுமே தயாரிக்கின்றன. ஆடுமாடுகளின் வயிற்றில் அவை வாழ்வதால் இறைச்சியிலும் பாலிலும் பி12 இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் காயிலும் பழத்திலும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இயற்கையாகக் கிடைக்கும் ஒரே வழி பாலும் தயிரும் மோரும்தான்.

1962இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். தாய்ப்பால் மட்டுமே குடித்து வளர்ந்த சில குழந்தைகளைப் பற்றியது அது. அந்தக் குழந்தைகள் வெளிறிப்போயிருந்தார்கள், சுற்றி நடப்பதைக் கவனிக்காமல் சோர்ந்து கிடந்தார்கள், தோல் கருத்திருந்தது, கைகால்கள் தாமாக அசைந்தன. காரணம் பி12 பற்றாக்குறை என்று அவர்கள் காட்டினார்கள். பற்றாக்குறை முதலில் இருந்தது அம்மாக்களிடம். அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் ஊரிலேயே கண்டறிந்து சொல்லப்பட்ட விஷயம், இன்னும் நம் வீடுகளுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

இது நடக்கும் விதத்தைப் புரிந்துகொள்வது அவசியம். பெரியவர்களின் கல்லீரலில் பி12 பல ஆண்டுகளுக்குத் தேவையான அளவு சேமிப்பாக இருக்கும். அது மெல்ல மெல்லக் கரைவதால், பிறந்ததிலிருந்து சைவமாக இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தாலும் கொஞ்சம் அசதி தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம். அவர் கருவுறும்போது, அன்றாடம் சாப்பாட்டிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும் பி12தான் பெரும்பாலும் குழந்தைக்குப் போகிறது. அது குறைவாக இருந்தால் குழந்தை குறைந்த சேமிப்போடு பிறக்கிறது. பிறகு குடிக்கும் தாய்ப்பாலிலும் பி12 குறைவு. முதல் சில மாதங்கள் நன்றாகவே போகும். நாலாவது மாதத்திலிருந்து பத்தாவது மாதத்துக்குள் கைவசம் இருந்தது தீர்ந்துபோகும்.

அப்போது தெரியும் அறிகுறிகளைப் பசி, பல் முளைத்தல், திருஷ்டி என்று வீட்டில் பலவிதமாக எடுத்துக்கொள்வார்கள். முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதைக் குறைக்கும். கழுத்து நின்றிருந்த குழந்தைக்குத் தலை மீண்டும் தொங்கும். உட்காரத் தொடங்கியது உட்காராது. திட உணவை வாயில் வைத்தால் துப்பிவிட்டுத் தாய்ப்பாலை மட்டுமே தேடும். முடி மெலிந்து செம்பட்டையாகும். கைவிரல் மூட்டுகளின் மேல்புறம் கருக்கும். நாக்கு வழவழவென்று சிவந்திருக்கும். முற்றிய நிலையில் தலையும் கைகளும் நடுங்கும். இவற்றில் பல குழந்தைகள் எலும்பும் தோலுமாக இருப்பதில்லை, கொழுகொழுவென்றுதான் இருப்பார்கள். அதனாலேயே சத்துக்குறைவு என்று யாருக்கும் தோன்றாது. எடை ஏறுகிறதா என்று மட்டும் பார்த்தால் இதைக் கோட்டைவிட்டுவிடுவோம். கற்றுக்கொண்ட ஒன்றை ஒரு குழந்தை மறப்பது எந்தக் காரணத்தாலும் சாதாரணமான விஷயம் இல்லை, அன்றே மருத்துவரிடம் தூக்கிப் போக வேண்டும். பி12 ஊசி போட்டால் பெரும்பாலும் சில நாட்களிலேயே குழந்தை முகம் பார்க்கத் தொடங்கும். ஆனால் பல மாதங்கள் தாமதித்தால் மூளை வளர்ச்சியில் ஏற்பட்ட பின்னடைவு முழுதாகச் சரியாகாமலும் போகலாம்.

இனி ஒரு சைவ அம்மாவின் ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காலையும் மாலையும் காபி. இரண்டிலும் சேர்த்து 150 மில்லி பால். மதியம் தயிர்ச்சாதத்துக்கு 100 மில்லி தயிர். ஆக 250 மில்லி. நூறு மில்லி பாலில் ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம் பி12 இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அவருக்கு ஒரு நாளில் கிடைப்பது 1 மைக்ரோகிராம். பாலூட்டும் தாய்க்குத் தேவையோ சுமார் 3 மைக்ரோகிராம். பாலைத் திரும்பத் திரும்பக் கொதிக்க வைத்தால் அந்த ஒன்றிலும் கொஞ்சம் குறையும். அரிசியும் பருப்பும் கீரையும் காயும் வயிறு நிறையச் சாப்பிட்டும் இதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. உணவிலேயே சமாளிக்க வேண்டுமென்றால் பாலும் தயிருமாக நாளுக்கு முக்கால் லிட்டர் உள்ளே போக வேண்டும். செய்ய முடியும் என்கிறவர்கள் செய்யலாம். பெரும்பாலான வீடுகளில் அது நடக்காது.

பிரசவப் பத்தியம் இதை மேலும் மோசமாக்குகிறது. தயிர் குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று பல வீடுகளில் பெற்றவளுக்குத் தயிரையும் மோரையும் நிறுத்திவிடுவார்கள். அசைவ வீட்டில் அந்த இடத்தில் கருவாடோ மீனோ வரும். சைவ வீட்டில் பூண்டுக் குழம்பும் சுண்டைவற்றலும்தான் வரும். பூண்டைக் குறை சொல்லவில்லை. ஆனால் தாய்க்கு பி12 தரும் ஒரே உணவைச் சரியாகக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் நிறுத்துவது தவறு. அம்மா தயிர் சாப்பிடுவதால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. பாட்டியிடம் இதைச் சண்டையாக இல்லாமல், "பாட்டி, தயிர்லதான் பிள்ளைக்கு மூளைக்கு வேண்டிய சத்து இருக்காம், டாக்டரே சொல்லியிருக்காங்க" என்று சொன்னால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் சிவப்பு மாத்திரையைச் சாப்பிடுகிறோமே என்று கேட்கலாம். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. பி12 இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் ஓரளவு சரிசெய்துவிடும், ஆனால் நரம்புக்கு ஏற்படும் பாதிப்பைத் தடுக்காது. அதனால் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறது என்பதை வைத்து பி12ம் நன்றாக இருக்கிறது என்று முடிவுசெய்ய முடியாது. சிவப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதனுடன் பி12ஐயும் சேர்க்க வேண்டும். சினைப்பைக் கட்டிக்காகவோ சர்க்கரைக்காகவோ மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்த மருந்து பி12 உடலில் சேர்வதைக் குறைக்கும்.

பழைய சோற்றிலும் இட்லி மாவிலும் பி12 இருக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பழைய சோறு நல்ல உணவு, ஆனால் ஒரு குழந்தையின் மூளையை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு அதில் பி12 இருப்பதில்லை. சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறொரு பொருள், நம் உடலுக்கு அது பயன்படாது. எளிய வழி ஒன்றுதான். கருவுற்றதும் ரத்தத்தில் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். மாத்திரை போதுமா, ஊசி வேண்டுமா, எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். அளவு சரியாக இருந்தாலும் பாலூட்டி முடிக்கும்வரை பி12 சேர்ந்த மாத்திரையைத் தொடர்வது நல்லது என்பது என் கருத்து. மாத்திரையில் இருக்கும் பி12 பாக்டீரியாவைக் கொண்டு தயாரிக்கப்படுவதுதான். சைவ உறையா என்று அட்டையில் உள்ள பச்சைப் புள்ளியைப் பார்த்துக்கொள்ளலாம். பாலும் தயிரும்கூட வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு மாத்திரை கட்டாயம், அதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பவுடர் பால் குடித்து வளரும் குழந்தைக்கு மட்டும் இந்தக் கவலை குறைவு, ஏனெனில் குழந்தைகளுக்கான பால்பவுடரில் பி12ம் இரும்பும் சேர்த்தே தயாரிக்கிறார்கள்.

அம்மாவின் பக்கம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் ஒரு நாளைப் பார்ப்போம். அது தாய்ப்பால் 600 மில்லி குடிக்கிறது. காலையில் முளைகட்டிய கம்பு மாவு 15 கிராம், பொட்டுக்கடலை மாவு 5 கிராம் சேர்த்துக் காய்ச்சிய கூழ். மதியமும் இரவும் சேர்த்து 30 கிராம் அரிசி, 15 கிராம் பாசிப்பருப்பு, ஒரு டீஸ்பூன் நெய் போட்டுக் குழைய வேகவைத்த பருப்புச் சாதம். நடுவில் 50 மில்லி தயிர். அரிசி, பருப்பு, மாவு எல்லாம் வேகவைக்கும் முன் உள்ள எடை.

புரதத்தைக் கூட்டுங்கள். தாய்ப்பாலில் 6 கிராம், பாசிப்பருப்பில் மூன்றரை, அரிசியில் இரண்டேகால், கூழில் சுமார் இரண்டரை, தயிரில் ஒன்றரை. மொத்தம் கிட்டத்தட்ட 16 கிராம். இந்த வயதில் நாளொன்றுக்குத் தேவை ஏறத்தாழ 11 கிராம். முட்டை இல்லாமலேயே தாராளமாக வந்துவிட்டது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு, பருப்பில் அது அதிகம். இரண்டும் ஒரே நாளில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடும். பொங்கலும் இட்லியும் பருப்புச் சாதமும் அதைத்தான் செய்கின்றன.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் இடம் ஒன்று உண்டு, அது பருப்புத் தண்ணீர். பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த நீரை மட்டும் வடித்துச் சாதத்தில் ஊற்றிப் பிசைந்து ஊட்டுவது நம்மிடையே பழக்கம். குழந்தைக்குச் செரிக்காது என்ற பயம் அதற்குக் காரணம். ஆனால் புரதமும் இரும்பும் கீழே தங்கும் பருப்பில்தான் இருக்கின்றன. மேலே தெளிந்த நீரில் மிகக் கொஞ்சமே வரும். ரசம் சாதமும் அப்படியே. மேலே சொன்ன குழந்தைக்குப் பருப்புக்குப் பதில் பருப்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த மூன்றரை கிராமில் பெரும்பகுதி போய்விடும், கூடவே வயிறும் தண்ணீரால் நிறைந்துவிடும். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் குழைய மசித்த பருப்பு நன்றாகவே செரிக்கும். கரண்டியைச் சாய்த்தால் ஓடாமல் மெல்ல விழும் அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரும்புக்கு வருவோம். வயிற்றில் இருக்கும்போதே குழந்தை அம்மாவிடமிருந்து இரும்பைச் சேமித்துக்கொள்கிறது. நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்திருந்தால் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரும். பிறந்ததும் தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டினால் கூடுதல் ரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேமிப்பு கூடும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இந்தச் சேமிப்பே குறைவு, அவர்களுக்குச் சில வாரங்களிலேயே இரும்புச் சொட்டு மருந்து தொடங்குவார்கள். ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் உள்ள சிறிதளவு இரும்பு போதாது.

அதே ஒன்பது மாதக் குழந்தைக்கு இரும்பைக் கூட்டிப் பார்த்தால் கம்பில் சுமார் ஒரு மில்லிகிராம், பாசிப்பருப்பில் 0.6, பொட்டுக்கடலையிலும் அரிசியிலும் சேர்ந்து இன்னொரு அரை மில்லிகிராம் வரும். மொத்தம் 2 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. இதில் ரத்தத்தில் சேர்வது எவ்வளவு என்பதுதான் கேள்வி. தானியத்திலும் பருப்பிலும் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்வதால் நூற்றில் ஐந்து பங்கு சேர்ந்தாலே அதிகம். அதாவது 0.1 மில்லிகிராம். தாய்ப்பாலிலிருந்து இன்னொரு 0.1. இந்த வயதில் உடலுக்குள் சேர வேண்டியது நாளுக்கு சுமார் 0.7 மில்லிகிராம். எவ்வளவு அக்கறையாகச் சமைத்தாலும் இந்த இடைவெளி பெரியது.

சமையலறையில் செய்யக்கூடியது ஓரளவு உண்டு. கம்பையும் பயறையும் இரவு முழுக்க ஊறவைத்து முளைகட்டினால் ஃபைட்டேட் குறையும். மாவைப் புளிக்கவைத்தாலும் குறையும். வைட்டமின் சி கூடவே போனால் இரும்பு சேர்வது இரண்டு மடங்கு, சில வேளை அதற்கு மேலும் ஆகும். எனவே பருப்புச் சாதம் ஆறிய பிறகு நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காய்ச் சாறோ பிழியலாம். சூட்டில் வைட்டமின் சி அழிந்துவிடும் என்பதால் ஆறிய பிறகு. விதை நீக்கி மசித்த கொய்யாவைச் சாப்பாட்டோடு கொடுக்கலாம். தயிரில் உள்ள கால்சியம் இரும்பைத் தடுக்கும், ஆகவே அதைப் பருப்புச் சாதத்தோடு பிசையாமல் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளலாம். கேழ்வரகு கால்சியத்துக்கு மிக நல்லது, இரும்புக்கு அதைவிடக் கம்பு மேல். பீட்ரூட்டைச் சிவப்பைப் பார்த்து ரத்தம் ஊறும் என்று கொடுக்கிறார்கள். நூறு கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை.

இத்தனையும் செய்தால் 0.2 என்பது 0.3 ஆகலாம். மீதிக்கு மருந்துதான். ரத்தசோகை இல்லா இந்தியா திட்டத்தில் ஆறு மாதம் முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் ஐந்து வயதுவரை வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச் சிரப் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு, 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். வாரத்துக்கு 40 மில்லிகிராம் என்றால் நாளுக்கு ஆறு மில்லிகிராம் கூடுதல், மேலே பார்த்த பள்ளத்தில் பெரும்பகுதியை அது நிரப்பும். கிராமச் சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டால் கிடைக்கும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது. அசைவம் சாப்பிடும் வீடுகளே மிகுந்த மாநிலத்தில் இந்த நிலை என்றால், சைவ வீட்டில் இந்தப் பாட்டிலை அலமாரியில் மறந்துவிடக் கூடாது.

சிரப்பைப் பாலோடு கொடுக்க வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது இரும்பின் நிறம், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாட்களில் நிறுத்திவைத்துப் பிறகு தொடரலாம். தலசீமியா உள்ள குழந்தைக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. பாட்டிலைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இனிப்பாக இருக்கிறதென்று மூத்த பிள்ளை மொத்தமாகக் குடித்துவிட்டால் இரும்பு உயிருக்கே ஆபத்தான நஞ்சு.

ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்க வேண்டாம்; அதில் இரும்பு மிகக் குறைவு, சில குழந்தைகளுக்குக் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் அது உண்டாக்கும். தயிர் கொஞ்சமாகக் கொடுக்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு சைவக் குழந்தைக்குப் பாலும் தயிரும்தான் பி12 தரும், எனவே அவை வேண்டும். ஆனால் நாளுக்கு 400 முதல் 500 மில்லிக்குள் நிற்க வேண்டும். "சோறே சாப்பிட மாட்டேங்குது, பால் மட்டும் ஒரு லிட்டர் குடிக்குது" என்று சொல்லப்படும் ஒன்றரை வயதுக் குழந்தை வெளிறியும் எரிச்சலாகவும் இருந்தால், பெரும்பாலும் இரும்புக் குறைவுதான் காரணம். பால் பசியை அடைத்துவிடுவதால் பருப்பு உள்ளே போக இடமில்லை. சுவரையோ மண்ணையோ நக்குவதும் அதன் அடையாளமே.

மேலே பார்த்த குழந்தைக்கு பி12 தேவை நாளுக்குக் குறைந்தது அரை மைக்ரோகிராம். 50 மில்லி தயிரில் 0.2 வரும். மீதி அம்மாவின் பாலிலிருந்துதான் வர வேண்டும், அம்மாவுக்குப் போதுமான அளவு இருந்தால் மட்டுமே அது வரும். அம்மாவின் அளவைப் பார்க்காமலே குழந்தை ஆறு மாதத்தைக் கடந்துவிட்டதென்றால், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தை மருத்துவரிடம், "நாங்க சைவம், எனக்கு பி12 பார்க்கவே இல்ல டாக்டர். பிள்ளைக்கு பி12 சேர்ந்த சொட்டு மருந்து வேணுமா?" என்று நேராகக் கேளுங்கள். இன்று கர்ப்பமாக இருக்கிறவர்கள், அடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் பி12ஐயும் எழுதச் சொல்லுங்கள்.